கட்டணத்தைத் திரும்ப எடுக்க எத்தனை கோல அச்சு விற்க வேண்டும்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மைத்துனன் உட்லண்ட்ஸிலிருந்து வந்தான். சாப்பாட்டு மேசையில் போனை வைத்து இரண்டு விளம்பரங்களைக் காட்டினான். முதலாவது, சீனாவிலிருந்து மலிவாகப் பொருள் வாங்கி இங்கே சிங்கப்பூரில் ஆன்லைனில் விற்கக் கற்றுத்தரும் எட்டு வார வகுப்பு. கட்டணம் 2,400 வெள்ளி. மூன்றாவது மாதத்திலிருந்து மாதம் 3,000 வெள்ளி கையில் நிற்கும் என்கிறார்கள். இரண்டாவது, ஃபாரெக்ஸ் டிரேடிங், அதாவது வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்பது. கட்டணம் 3,600 வெள்ளி. ஆயுள் முழுக்க டெலிகிராம் குழுவில் இருக்கலாமாம், 'நிதானமாக' மாதம் 3 சதவீதம் எடுக்கலாமாம்.

இரண்டுக்கும் இலவச அறிமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஒன்றரை மணி நேரம் கதை, கடைசி அரை மணி நேரம் விலை. 6,888 என்று போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு. இன்றிரவு பன்னிரண்டு மணி வரை மட்டும் சலுகை. தம்பியிடம் சேமிப்பு 6,000 வெள்ளி இருக்கிறது. "ரெண்டுல எது அத்தான் பரவாயில்ல?" என்று கேட்டான்.

மூன்றாவதாக ஒன்றையும் வரிசையில் சேர்த்துக்கொள் என்றேன். இரண்டிலும் சேராமல், அதே வேலையை 600 வெள்ளிக்குள் சொந்தமாகச் செய்து பார்ப்பது. ஆக ஒப்பிட மூன்று இருக்கிறது.

எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. ஜூரோங்கில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. இரண்டு தீபாவளிக்குக் கோல அச்சு விற்றிருக்கிறேன். டிரேடிங் பக்கம் எட்டு மாதம் தலைகாட்டி 1,100 வெள்ளியை விட்டுவிட்டு வந்தவன். இரண்டு கணக்கும் எழுதி வைத்திருக்கிறேன், அதனால்தான் பேசத் துணிகிறேன்.

இந்த மாதிரி வகுப்பைப் பார்க்கும்போது எல்லோரும் பாடத்தில் என்ன இருக்கிறது, சொல்லித்தருபவர் யார் என்றுதான் பார்க்கிறோம். நான் முதலில் பார்ப்பது வேறு. கட்டணத்தை ஒரு பொருளில் கிடைக்கும் லாபத்தால் வகுத்துப் பார்ப்பேன். டிரேடிங் என்றால் மீதி இருக்கும் முதலால் வகுப்பேன். வருகிற எண்ணைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

முதலில் விற்பனை. என் கோல அச்சையே எடுத்துக்கொள்கிறேன். ஆறு அச்சுகள் கொண்ட ஒரு செட். விற்ற விலை 9 வெள்ளி 90 காசு, அனுப்பும் செலவு வாங்குபவருடையது. சீனாவில் வாங்கிய விலை ஒரு செட்டுக்கு 2.60. இங்கே கொண்டுவந்த செலவில் அதன் பங்கு 90 காசு. அதன் மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி 32 காசு. உறையும் அட்டையும் 30 காசு. விற்பனைத் தளம் எடுத்துக்கொண்டது சுமார் 1.20. விளம்பரம், சலுகைக் கூப்பன் இரண்டும் சேர்த்து 1.50. இருபதில் ஒன்று உடைந்தோ திரும்பியோ வரும், அதைப் பரப்பினால் ஒரு செட்டுக்கு 25 காசு. மொத்தம் 7.07. மிச்சம் 2 வெள்ளி 83 காசு.

இதோடு நிறுத்தி, 2,400 வெள்ளியை 2.83-ஆல் வகுத்தால் சுமார் 848 செட். ஒரு தீபாவளிப் பருவத்தில் ஆறு வாரத்தில் நான் விற்றது 140. அதாவது, வகுப்புக் கட்டணத்தை எடுக்கவே ஆறு தீபாவளி.

ஆனால் கணக்கு இங்கேயும் முடியவில்லை. நான் வாங்கியது 180 செட். மீதி நாற்பது இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவை வந்து சேர்ந்த விலை மட்டும் 153 வெள்ளி. 140 செட்டில் கிடைத்த 396 வெள்ளியிலிருந்து அதைக் கழித்தால் கையில் நின்றது 243. ஆறு தீபாவளி இப்போது பத்துத் தீபாவளி ஆகிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து பொட்டலம் கட்டியது, "இன்னும் இருக்கா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் போட்டது, போஸ்ட் ஆபீசுக்கு நடந்தது எல்லாம் சேர்த்து 45 மணி நேரம் என்று குறித்து வைத்திருக்கிறேன். மணிக்கு ஐந்து வெள்ளி நாற்பது காசு.

வகுப்புக்குப் போயிருந்தால் இந்த எண் மாறியிருக்குமா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தம்பியிடம் இருந்த பாடத்திட்டத்தை இருவரும் வரிவரியாகப் பார்த்தோம். கடை திறப்பது, பொருள் தருபவரைத் தேடுவது, படம் எடுப்பது, பெயர் எழுதுவது, விளம்பரம் கொடுப்பது என்று பதினொரு பாடம். இதில் ஏழெட்டு பாடத்தைப் பெரிய விற்பனைத் தளங்களே தங்கள் விற்பனையாளர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகின்றன. அவர்களுக்கு நாம் விற்றால்தான் வருமானம், அதனால் ஒளித்துவைக்கக் காரணம் இல்லை.

மீதி இருந்ததில் அவனை மிகவும் இழுத்தது 'சூடான பொருள்கள் பட்டியல்'. எனக்கு அதுதான் மிகவும் உறுத்தியது. ஒரு வகுப்பில் எண்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். எண்பது பேர் கையிலும் அதே பட்டியல், அதே சீனத் தொழிற்சாலை, அதே படம். அடுத்த மாதம் அந்தப் பொருள் தளத்தில் எண்பது கடைகளில் இருக்கும். ஒவ்வொருவரும் பத்துக் காசு, இருபது காசு என்று விலையைக் குறைப்பார்கள். நான் மேலே சொன்ன 2.83-ஐ முதலில் கரைப்பது அதுதான். நல்ல பொருள் தெரிந்தவன் அதை விற்பானே தவிர பட்டியல் போட்டு எண்பது பேருக்குக் கொடுக்க மாட்டான்.

பட்டியலில் இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. நாலாவது பொருள் முடி உலர்த்தும் கருவி. இங்கே முடி உலர்த்தி, மேசை விசிறி, சோறு ஆக்கும் குக்கர், மூன்று ஊசி பிளக் போன்ற வீட்டு மின்பொருள்கள் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். பதிவு செய்து பாதுகாப்புச் சின்னம் ஒட்டாமல் விற்றால் 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சீனாவில் ஏழு வெள்ளிக்கு வரும் உலர்த்தியில் அந்தச் சின்னம் இருக்காது. அறிமுக வகுப்பில் இதைப்பற்றி ஒரு வார்த்தை வந்ததா என்று கேட்டேன். வரவில்லை. பட்டியலைப் போட்டவர் அதைச் சிங்கப்பூரில் விற்றுப் பார்க்கவில்லை என்பது எனக்கு அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது.

வகுப்பு எவ்வளவு பழசு என்று கண்டுபிடிக்கவும் ஒரு எளிய வழி இருக்கிறது. '400 வெள்ளிக்குக் கீழ் வாங்கினால் வரி கிடையாது' என்று பாடத்தில் எங்காவது வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அது 2023-க்கு முன் பதிவு செய்த வீடியோ. 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் குறைந்த விலைப் பொருளுக்கும் பொருள் சேவை வரி உண்டு. பெரிய தளங்களும் பொருள்களைச் சேர்த்து அனுப்பும் நிறுவனங்களும் பணம் கட்டும்போதே அதைச் சேர்த்துவிடுகின்றன. வரி 2024-இல் 9 சதவீதமானது. பழைய கணக்கை வைத்து விலை போட்டால் ஒவ்வொரு செட்டிலும் 32 காசு காணாமல் போகும். 2.83-இல் 32 காசு என்பது ஒன்பதில் ஒரு பங்கு.

வரி பற்றிப் பேசும்போது இன்னொன்று. சில இடங்களில் 2,400 என்று சொல்லிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் வரியைத் தனியாக ஏற்றுவார்கள். வரிக்குப் பதிவு செய்த வியாபாரம், பொதுமக்களிடம் விலை சொல்லும்போதே வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவு செய்யாதவர் வரி வாங்கவே கூடாது. பதிவு செய்திருக்கிறார்களா என்பதை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை.

இதற்காக விற்பனை வகுப்பு எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. யாராவது என்னுடைய கடையைத் திறந்து, என்னுடைய செலவுக் கணக்கைப் பார்த்து, 'விளம்பரத்துக்கு 1.50 போகிறது, இந்த இரண்டு சொல்லை எடுத்துவிடு' என்று நேருக்கு நேர் இரண்டு மணி நேரம் சொன்னால் அதற்கு 200 வெள்ளி தருவேன். விளம்பரச் செலவை ஐம்பது காசு குறைத்தாலே 140 செட்டில் 70 வெள்ளி. மூன்று பருவத்தில் கொடுத்ததை எடுத்துவிடலாம். இதிலிருந்து ஒரு உச்சவரம்பும் கிடைக்கிறது. அந்த வகுப்பால் ஒரு பருவத்தில் எவ்வளவு கூடும் என்று நீங்களே எண் சொல்ல முடியாத பாடத்துக்கு நூறு இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விளம்பரங்கள் தங்குவிடுதியில் இருக்கும் நம் ஆட்களுக்கும் தமிழிலேயே வருகின்றன. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் சொந்தமாக எந்த வியாபாரமும் செய்யக்கூடாது; அது அனுமதியின் நிபந்தனையிலேயே இருக்கிறது. ஆன்லைனில் பொருள் வாங்கி விற்பதும் வியாபாரம்தான். பிடிபட்டால் வேலையே போகும். அறிமுக வகுப்பில் சேர்பவரிடம் 'உங்கள் பாஸ் என்ன?' என்று கேட்காமல் பணம் வாங்குகிறவர் உங்களைப்பற்றி யோசிக்கவே இல்லை. மற்ற பாஸ்காரர்களும் மனிதவள அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொண்டு இறங்குவது நல்லது.

இனி டிரேடிங்.

இங்கே கணக்கு இன்னும் சின்னது, இன்னும் கசப்பு. தம்பியிடம் 6,000 வெள்ளி. கட்டணம் 3,600 போனால் டிரேடிங் செய்ய மிச்சம் 2,400. மறுபடியும் 6,000-ஐத் தொட அந்த 2,400 இரண்டரை மடங்காக வேண்டும். சரி, அவர்கள் சொன்னபடியே மாதம் 3 சதவீதம் வருகிறது, ஒரு மாதம்கூடத் தவறவில்லை, ஒரு காசுகூட வெளியே எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 31 மாதம் ஆகும். இரண்டரை வருடத்துக்கு மேல் ஒரு சறுக்கலும் இல்லாமல் ஓடினால், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நிற்பான்.

'நிதானமாக' என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தோம். மாதம் 3 சதவீதம் வட்டிக்கு வட்டியாக ஏறினால் வருடத்துக்குச் சுமார் 42.6 சதவீதம். மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கில் நமக்குக் கிடைப்பது வருடத்துக்கு 2.5. அப்படிப் பதினேழு மடங்கு சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு நம்முடைய 3,600 வெள்ளி எதற்கு என்று தம்பியே கேட்டுவிட்டான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவர்களுக்குப் பணம் வரும் வழி இரண்டு. ஒன்று கட்டணம், கண்ணுக்குத் தெரிவது. இன்னொன்று தெரியாது. நாணய வர்த்தகத்தில் ஆளைக் கூட்டி வருபவருக்குப் புரோக்கர் நிறுவனம் ஒரு பங்கு கொடுக்கும். நாம் ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே ஒரு இடைவெளி இருக்குமே, ஸ்ப்ரெட் என்பார்கள், அதிலிருந்து கிள்ளித் தருவது. ஒரு லாட்டுக்கு, வர்த்தகத்தை அளக்கும் அலகு அது, 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது மாணவர்கள், ஆளுக்கு மாதம் ஐந்து லாட். மாதம் 2,000 வெள்ளி உட்கார்ந்த இடத்தில் வந்துவிடும். நாம் ஜெயித்தாலும் வரும், தோற்றாலும் வரும், அடிக்கடி வாங்கி விற்றால் கூடுதலாக வரும். டெலிகிராம் குழுவில் 'இப்போது வாங்கு, இப்போது விற்றுவிடு' என்று தினமும் நாலு சிக்னல் ஏன் வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரடியான காரணம் இது. 'இந்த லிங்க் வழியாகத்தான் கணக்குத் திறக்க வேண்டும்' என்று சொன்னால் புரிந்துகொள்ளலாம். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே: என் வர்த்தகத்திலிருந்து உங்களுக்குப் பங்கு வருகிறதா? ஆமாம் என்று சொல்பவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வரும். பேச்சை மாற்றுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அந்த லிங்க் எங்கே போகிறது என்பது அடுத்தது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனத்தில் சாதாரண முதலீட்டாளருக்கு ஃபாரெக்ஸில் கிடைப்பது 20 மடங்கு லெவரேஜ்தான். அதாவது வர்த்தக மதிப்பில் 5 சதவீதத்தையாவது நாம் வைக்க வேண்டும். அதுவே லேசுப்பட்டதில்லை. 2,400 வெள்ளியை வைத்து 48,000-க்கு நிலை எடுத்தால், விலை 2 சதவீதம் எதிர்த்திசையில் போனாலே 960 வெள்ளி காலி, முதலில் நாற்பது சதவீதம். தம்பி பார்த்த வகுப்பில் காட்டிய புரோக்கர் தந்தது 500 மடங்கு. அங்கே விலை 0.2 சதவீதம் அசைந்தால் முதல் முழுவதும் போய்விடும். நாணயங்களுக்கு அது ஒரு மத்தியானத்து அசைவு. இங்கே உரிமம் உள்ள யாரும் சாதாரண வாடிக்கையாளருக்கு 500 மடங்கு தர முடியாது, ஆகவே அந்த எண்ணைப் பார்த்தவுடனே அது வெளியூர்க் கடை என்று தெரிந்துகொள்ளலாம். பணத்தைத் திரும்ப எடுக்க முடியாமல் போனால் இங்கே போய் முறையிட இடம் இருக்காது.

நாணய ஆணையத்தின் தளத்தில் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலும், முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் இருக்கின்றன. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் நல்லவர் என்று அர்த்தமில்லை. ஆணையத்தின் கண்ணில் இன்னும் படாதவராகவும் இருக்கலாம். உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வகுப்பு நடத்துகிறவர்கள் 'நாங்கள் கல்விதான் தருகிறோம், நிதி ஆலோசனை இல்லை' என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பொதுவாகப் பாடம் நடத்த நிதி ஆலோசகர் உரிமம் தேவையில்லை என்பதால் அந்த வரி. ஆனால் மேலே பாடம், கீழே டெலிகிராமில் 'இதை இப்போது இந்த விலையில் வாங்கு' என்றால் அது ஆலோசனை மாதிரிதானே இருக்கிறது? உரிமம் எங்கே என்று கேட்பது நம் உரிமை.

அப்புறம் ஆதாரம். அறிமுக வகுப்பில் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தம்பி சேமித்து வைத்திருந்தான். பச்சை பச்சையாக லாபம். ஒரு படத்தின் மேல் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். சர்வர் பெயரில் 'டெமோ' என்று இருந்தது. அது விளையாட்டுப் பணம். எல்லாப் படமும் இப்படி அகப்படாது. டெமோ என்ற சொல் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது உண்மையான கணக்காகவே இருந்து, ஐந்து கணக்கில் ஜெயித்த ஒன்றை மட்டும் காட்டலாம். அதனால் படம் வேண்டாம். குறைந்தது பன்னிரண்டு மாதத்துக்கான முழு அறிக்கை வேண்டும், பணம் போட்டதும் எடுத்ததும் சேர்த்து. ஃபாரெக்ஸ் வர்த்தகம் செய்யும் மெட்டாட்ரேடர் மென்பொருளில் ஒரு கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதிக்கும் தனிக் கடவுச்சொல் கொடுக்க முடியும். அதை வைத்து நாம் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. கொடுப்பதில் அவருக்கு ஆபத்தில்லை. தம்பி கேட்டான். 'தனிப்பட்ட விவரம் தர இயலாது சார், ஆனால் இன்று சேர்ந்தால் இன்னும் 300 வெள்ளி குறைக்கிறோம்' என்று பதில் வந்தது.

'பொறுமையாகப் பழகினால் வரும்' என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கிற வாதம். அதற்கு எதிராக இரண்டு கணக்கை அவன் முன் வைத்தேன். இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரை ஃபியூச்சர், ஆப்ஷன் என்ற பங்கு டெரிவேட்டிவ்களில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். நம்மூர் வாட்ஸ்அப்பில் வரும் ஆப்ஷன் வித்தைகள் பெரும்பாலும் அந்தச் சந்தையைச் சேர்ந்தவை. இன்னொன்று பிரேசிலில் பங்குக் குறியீட்டு எதிர்கால ஒப்பந்தங்களில் நாள் வர்த்தகம் செய்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. அதில் முன்னூறு நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதம் பேர் நஷ்டத்தில்தான் இருந்தார்கள். முன்னூறு நாள் என்பது பொறுமை இல்லாத ஆள் செய்கிற வேலை இல்லை. ஃபாரெக்ஸ் வேறு சந்தை, அது உண்மை. ஆனால் செலவைக் கழித்தபின் குறுகிய கால வர்த்தகம் எப்படி முடிகிறது என்பதற்கு அந்த இரண்டும் போதுமான சாடை.

ஆக முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் எண்ணம் இது. விற்பனை வகுப்பு விலை அதிகமான சரக்கு. அதில் போவது கட்டணம் மட்டும்தான், வியாபாரத்தைச் சின்னதாகச் செய்தால் நஷ்டமும் சின்னது, கட்டிலுக்கு அடியில் நாற்பது அச்சு. டிரேடிங் வகுப்பில் கட்டணம் போவது ஆரம்பம்தான். மீதி முதலும் அதே வாசலில் போய் விழும்படி வழி போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பார்த்தோம். இரண்டு விளம்பரத்திலும் '100 சதவீதம் பணம் வாபஸ்' என்று இருந்தது. விற்பனை வகுப்பின் விதிமுறையைத் திறந்தோம். எல்லா வீடியோவையும் முப்பது நாளுக்குள் பார்த்திருக்க வேண்டும், ஐம்பது பொருள்களைப் பட்டியலிட்டிருக்க வேண்டும், விளம்பரத்துக்குக் குறைந்தது 500 வெள்ளி செலவழித்த ரசீது வேண்டும், ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் அனுப்பியிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் வாபஸ் இல்லை. 2,400-ஐத் திரும்பக் கேட்கவே 500 செலவழிக்க வேண்டும்! ஐந்து நாளுக்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை அழைக்காமல் வீட்டுக்கு வந்து விற்பது, விடுமுறைப் பங்கு போன்ற சில ஒப்பந்தங்களுக்குத்தான். நாமாகப் போய்ச் சேர்ந்த வகுப்புக்கு உண்டு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று கார்டில் போட்டால் மாதாமாதம் கேட்கப்போவது வங்கி, வகுப்பு நடத்தியவர் இல்லை.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு வழி அடைந்துவிடவில்லை. மேடையில் சொன்னது ஒன்று, ஒப்பந்தத்தில் இருப்பது வேறு என்றால் அந்த வேறுபாடுதான் உங்கள் வழக்கு. அறிமுக வகுப்பின் திரையைப் படம் எடுத்து வையுங்கள், 'மாதம் 3,000' என்ற வரி தெரியும்படி. முதலில் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அங்கே தீராவிட்டால் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், 5,000-க்குள் என்றால் தனிநபருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டும். கம்பெனி வெளிநாட்டில் பதிவாகியிருந்தால் இதெல்லாம் கஷ்டம், அதனால் பணம் கட்டும்முன் ரசீதில் யார் பெயர் வரும், அதன் பதிவு எண் என்ன என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். 600 வெள்ளியை மூன்றாகப் பிரித்தோம். 300 வெள்ளிக்குச் சரக்கு. 100 வெள்ளி உறை, அட்டை, விளம்பரம். 200 வெள்ளி தப்புக்கு, அதாவது தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கியது. பொருள் அவனுக்கே தெரிந்ததாக இருக்க வேண்டும், பிளக் இருக்கக்கூடாது, தோலில் பூசுவதும் சாப்பிடுவதும் கூடாது, ஒரு உறைக்குள் அடங்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் செலவு கழிந்து மிச்சம் வரும் விலையில் பாதிச் சரக்காவது விற்காவிட்டால் நிறுத்திவிட வேண்டும். விளம்பரத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று இழுக்கக்கூடாது. கணக்குப் புத்தகத்தில் செலவை நான் எழுதிய அதே வரிசையில் எழுத வேண்டும். அடையாள அட்டையில் உள்ள தன் முழுப்பெயரிலேயே செய்தால் வியாபாரப் பதிவு தேவையில்லை, வருமானத்தை மட்டும் வரிக்கணக்கில் காட்ட வேண்டும். வீவக வீட்டில் சின்ன அளவில் செய்யலாம். வரவேற்பறையைக் கிடங்காக மாற்றினால் அக்கம்பக்கம் சும்மா இருக்காது, விதியும் விடாது.

டிரேடிங் ஆசையும் அவனுக்கு முழுசாக விடவில்லை. சரி, உரிமம் உள்ள ஒரு நிறுவனத்தில் டெமோ கணக்கில் அறுபது வர்த்தகம் செய், ஒவ்வொன்றும் ஏன் எடுத்தாய், எங்கே நிறுத்துவாய் என்று வாங்குமுன்பே எழுது, ஸ்ப்ரெட்டைக் கழி என்றேன். முதலீட்டு அடிப்படைக்கு அரசாங்கத்தின் மனிசென்ஸ் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. டெமோவில் பயம் இருக்காது, அது பெரிய குறை. உண்மைப் பணத்தில் என் கை நடுங்கியது எனக்குத்தான் தெரியும். ஆனால் டெமோவிலேயே தோற்கிறவன் உண்மையில் ஜெயிக்க மாட்டான் என்பதைக் காசு கொடுக்காமல் தெரிந்துகொள்ளலாம். பதினெட்டு வர்த்தகம் முடித்திருக்கிறான். பதினொன்றில் ஜெயம், மொத்தத்தில் நஷ்டம். ஜெயித்தபோது சின்னதாக எடுத்துக்கொண்டு, தோற்றபோது விட்டுப்பிடிக்கிறான். என் எட்டு மாதமும் இதேதான்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை வைத்துச் சேரலாமே என்று அக்கா, அதாவது என் மனைவி, கேட்டாள். நல்ல கேள்வி. இரண்டு வகுப்பையும் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் தேடினோம், இரண்டும் இல்லை. விற்பனையாளர் 'அது சீக்கிரம் வரும், இப்போது ரொக்கமாகக் கட்டுங்கள், பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்றார். அங்கீகரிக்கப்பட்ட வகுப்புக்குத்தான் கிரெடிட். சேர்ந்தபிறகு வரும் என்பது கணக்கில் வராது. அந்தத் தளத்தில் சின்ன வியாபாரக் கணக்கு எழுதுவது, டிஜிட்டல் விளம்பரம் என்று குறுகிய வகுப்புகள் இருக்கின்றன. ஆடம்பரப் பெயர் கிடையாது, யாரும் மாதம் 3,000 என்று சொல்வதில்லை. காசு கட்டித்தான் கற்பேன் என்றால் அங்கே போகலாம்.

அன்றிரவு பன்னிரண்டு மணி சலுகை முடிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து அதே 2,400 வெள்ளிக்கு, அதே சிவப்புக் கோட்டோடு, 'இன்று மட்டும்' என்று தம்பிக்கு மறுபடி செய்தி வந்தது. எனக்கும் அனுப்பினான், சிரிக்கும் முகத்தோடு.

கட்டிலுக்கு அடியில் இருந்த நாற்பதில் இருபது செட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், வந்த விலைக்கே, செட்டுக்கு 3.82. தீபாவளிக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறதே என்றேன். பொங்கலுக்கும் வீட்டு வாசலில் கோலம் போடுவார்களே என்றான். நேற்று போன் செய்தபோது, 30 காசு உறையில் போட்டால் அச்சின் ஓரம் மடங்குகிறது, அட்டைப் பெட்டிக்கு 55 காசு ஆகிறது, அதை யார் தலையில் கட்டுவது அத்தான் என்று கேட்டான்.